ஒரே வாரத்தில் சிவந்துபோன சிலிக்கா ஜெல்: மும்பை மழைக்கால அனுபவங்கள்

மாட்டுங்காவாசி: ரப்பர் வளையம் உள்ள 20 லிட்டர் டப்பா. அறுபது சிடி, டிவிடி, இரண்டு ஹார்ட் டிஸ்க். நீல சிலிக்கா ஜெல் 100 கிராம் போட்டும் ஜூலையில் ஒரே வாரத்தில் வெளிர்சிவப்பாகிவிட்டது. மூடி கசிகிறதா?

தாராவித் தம்பி: அரிசி போடுங்கண்ணா, அதுவும் ஈரத்தை இழுக்கும்.

செம்பூர் சர்வீஸ்: அரிசி இழுப்பது கொஞ்சம்தான் தம்பி. மாவும் பூச்சியும்தான் மிச்சம். மாட்டுங்கா சார், மூடியைச் சந்தேகப்படும் முன் சிடி பெட்டிக்குள் இருக்கும் அட்டையையும் புத்தகத்தையும் எடைபோடுங்கள். மழைக்காலத்தில் டப்பாவின் காற்றில் இருக்கும் நீர் அரை கிராம்தான். காகிதம் அப்படியில்லை. அரை கிலோ இருந்தால், ஈரப்பதம் 85-லிருந்து 45 சதவீதத்துக்கு இறங்கும்போது சுமார் 30 கிராம் நீரைக் கக்கும். அந்த 45 சதவீதத்தில் 100 கிராம் ஜெல் 20 கிராமைத்தான் தாங்கும். அதுதான் சிவந்துவிட்டது.

காகிதத்தைத் தனியே வையுங்கள். ஜெல்லை ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம், நீலம் திரும்பும்வரை வையுங்கள். இறுக மூடிய கண்ணாடி பாட்டிலில் ஆறவிட்டுப் போடுங்கள். திறந்து வைத்தால் ஆறுவதற்குள் மறுபடி குடித்துவிடும். நீலத்தில் கோபால்ட் உப்பு உண்டு, சமையல் பாத்திரம் வேண்டாம். பத்து நாளுக்குள் மறுபடி சிவந்தால் அப்போது மூடியைப் பார்க்கலாம்.

மாட்டுங்காவாசி: எடை 480 கிராம்! சரி, சில சிடிகளில் கிளை விட்ட மாதிரி வெள்ளைக் கோடு. துடைத்தால் போகுமா?

செம்பூர் சர்வீஸ்: விளக்குக்கு எதிரே பிடியுங்கள். ஊசித்துளையாக வெளிச்சம் தெரிந்தால் உலோகப் பூச்சே போயிருக்கிறது, துடைத்துப் பயனில்லை. சிடியில் அந்தப் பூச்சு லேபிளுக்கு அடியில், மெல்லிய லேக்கருக்குள் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தேய்க்காதீர்கள். வெளிச்சம் வரவில்லையென்றால், படிக்கும் பக்கத்தை மட்டும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாக வேண்டாம். பூசணம் பிடித்ததை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

கல்யாண் அக்கா: என் ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்கிறது. இந்த டப்பாவில் வைத்தால் சரியாகுமா?

செம்பூர் சர்வீஸ்: ஆகாதுக்கா, அது உள்கோளாறு. இனி மின்சாரமே கொடுக்காதீர்கள், டேட்டா மீட்பவரிடம் காட்டுங்கள்.

சயான் ரயில்: ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா முனையில் பச்சை பிடித்தால் பென்சில் ரப்பரால் தேய்த்தால் பளிச்சென்று ஆகும்.

செம்பூர் சர்வீஸ்: பளிச்சாகும், தங்க முலாமும் தேயும், அடுத்த மழையில் இன்னும் சீக்கிரம் பச்சை பிடிக்கும். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு முனையில் தொட்டு மெதுவாகத் துடையுங்கள்.

சயான் ரயில்: ராம் குச்சியில் பத்து வருஷமாக ரப்பர்தான், ஒன்றும் ஆகவில்லை. சாட்டாவுக்கு மட்டும் ஏன் ஆகணும்?

மாட்டுங்காவாசி: ஏசி அறையில் வைத்த டப்பாவை வெளியே கொண்டுவந்ததும் திறக்கலாமா?

செம்பூர் சர்வீஸ்: கூடாது. குளிர்ந்த டிஸ்க் மேல் நீர் படியும். மூடியபடியே இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, பிறகு திறங்கள். ஹார்ட் டிஸ்க்கின் மூச்சுத்துளை மேல் டேப் ஒட்டாதீர்கள்.