நிர்வாக உதவியாளர் ரெஸ்யூமை வேலை அறிவிப்போடு ஒப்பிடுவதில் சந்தேகம்: காலண்டர், இரகசியம், ஒருங்கிணைப்பு

புதிய தேர்வாளர் (கேள்வி)

வணக்கம். நிர்வாக உதவியாளர் பணிக்கு வந்த ரெஸ்யூம்களை முதல் சுற்றில் படித்துக் குறிப்பு எழுதும் பொறுப்பு எனக்கு முதன்முறையாக வந்திருக்கிறது. எங்கள் வேலை அறிவிப்பில் மூன்று வரிகள் முக்கியமானவை. தலைமைச் செயல் அதிகாரி, நிதி இயக்குநர் ஆகிய இருவரின் காலண்டர்களையும் மூன்று நேர மண்டலங்களுக்கு இடையே நடத்த வேண்டும். இயக்குநர் குழு ஆவணங்களின் இரகசியத்தைக் காக்க வேண்டும். இரண்டு அலுவலகங்களுக்கு இடையே ஒருங்கிணைப்பு செய்ய வேண்டும்.

ஒரு விண்ணப்பதாரரின் ரெஸ்யூமில் மூன்றும் இருப்பதாக எண்ணி மூன்றுக்கும் "பொருந்துகிறது" என்று எழுதினேன். எங்கள் மூத்த அதிகாரியோ, "எந்த வரி எதைக் காட்டுகிறது என்று எழுதி வாருங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த ரெஸ்யூமின் வரிகளைப் பெயர்கள் நீக்கித் தருகிறேன்.

முதல் பணி, 4 ஆண்டுகள்: "நான்கு உயர் அதிகாரிகளின் சிக்கலான காலண்டர்களை நிர்வகித்தேன். இரகசியத் தகவல்களை மிகுந்த கவனத்துடன் கையாண்டேன். அலுவலக ஒருங்கிணைப்பு: வருகையாளர் ஏற்பாடு, பயண முன்பதிவு, எழுதுபொருள் கொள்முதல்."

இரண்டாம் பணி, 2 ஆண்டுகள்: "ஒரு தலைமைச் செயல் அதிகாரிக்கு வாரம் சுமார் 40 கூட்டங்கள், நியூயார்க், லண்டன், சிங்கப்பூர். அவர் சார்பில் அழைப்புகளை ஏற்கவும் மறுக்கவும் அதிகாரம் பெற்றிருந்தேன். காலாண்டுதோறும் இயக்குநர் குழுக் கூட்டத்துக்கான ஆவணத் தொகுப்பைத் திரட்டி 7 நாட்களுக்கு முன்பே உறுப்பினர்களுக்கு அனுப்பினேன். ஒரு நிறுவனத்தை வாங்குவதற்கான பேச்சுவார்த்தைக் கூட்டங்கள் அனைத்தையும் ஏற்பாடு செய்தேன்." கடைசி வரியில் வாங்கப்பட்ட நிறுவனத்தின் பெயரும், பேச்சு நடந்த மாதங்களும், இன்னொரு போட்டியாளர் இடையில் விலகிக்கொண்டார் என்ற செய்தியும் இருக்கின்றன.

இதில் எதை எதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வது?

மனிதவளப் பிரிவில் இருப்பவர்

உங்கள் முதல் கணிப்பு பெருமளவு சரிதான். அறிவிப்பு இருவரின் காலண்டரைக் கேட்கிறது, இவரோ நால்வருடையதைப் பார்த்திருக்கிறார் என்பதால் காலண்டர் விஷயத்தில் தேவைக்கு மேலேயே தகுதி இருக்கிறது. ஒருங்கிணைப்பு என்ற சொல்லும் அப்படியே வந்திருக்கிறது. ஆனால் கடைசி வரி ஒன்றே போதும், இந்த விண்ணப்பத்தை ஒதுக்கிவிடலாம். பழைய நிறுவனத்தின் பேச்சுவார்த்தையை ரெஸ்யூமில் எழுதுகிறவர் நாளை நம் இயக்குநர் குழுவில் பேசியதையும் எழுதுவார்.

தலைமை அலுவலகத்தில் நீண்ட காலம் உதவியாளராக இருந்தவர்

கடைசி வரியைப் பார்த்ததும் நிற்க வேண்டும் என்பதில் மேலே எழுதியவரோடு உடன்படுகிறேன். காலண்டர் பற்றி அவர் சொன்னதை மட்டும் ஏற்க இயலவில்லை, ஏனெனில் தலைகளின் எண்ணிக்கையை வைத்து இந்த வேலையின் கனத்தை அளக்க முடியாது. நான்கு அதிகாரிகளுக்கு ஒரே உதவியாளர் என்றால், பெரும்பாலும் அந்த நால்வரும் தங்கள் காலண்டரைத் தாங்களே வைத்துக்கொண்டு, அறை பிடிக்கவும் அழைப்பு அனுப்பவும் மட்டும் அவரிடம் சொல்வார்கள். அது தவறான வேலையன்று. ஆனால் உங்கள் அறிவிப்பு கேட்பது அதுவன்று.

"ஏற்கவும் மறுக்கவும் அதிகாரம்" என்ற சொற்களைத்தான் நான் அடிக்கோடிடுவேன். அவுட்லுக்கில் ஒருவரின் காலண்டரைப் பார்க்க மட்டும் அனுமதி தருவது `Reviewer`. அதிலுள்ள பதிவுகளை மாற்றவும் நீக்கவும் அனுமதி தருவது `Editor`. அதற்கும் மேலே `Delegate can see my private items` என்று தனியாக ஒரு தேர்வு இருக்கிறது. தம் அதிகாரியின் சார்பில் ஒரு கூட்டத்தை மறுப்பவர், எது தள்ளிப்போகலாம், எது போகக்கூடாது என்பதைத் தாமே முடிவு செய்கிறார். ஒருவருக்கு வாரம் 40 கூட்டங்களை அப்படி நடத்துவது நால்வருக்கு அறை பிடிப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

நேர மண்டலத்தைச் சோதிக்க ஒரு நல்ல இடம் உண்டு. அமெரிக்கா மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது; பிரிட்டன் அம்மாதத்தின் கடைசி ஞாயிறு தள்ளுகிறது; சிங்கப்பூர் தள்ளுவதே இல்லை. ஆகவே குளிர்காலம் முழுவதும் நியூயார்க்கில் காலை 9 மணிக்கு நடக்கும் வாராந்திரக் கூட்டம் லண்டனில் பிற்பகல் 2 மணிக்கும் சிங்கப்பூரில் இரவு 10 மணிக்கும் விழும். நடுவிலுள்ள அந்த இரண்டு மூன்று வாரங்களில் மட்டும் லண்டனில் 1 மணிக்குப் போய்விடும்; சிங்கப்பூரிலோ இரவு 9 மணிக்கு மாறி, அமெரிக்கா கடிகாரத்தைத் திரும்பப் பின்னே தள்ளும்வரை அப்படியே இருக்கும். அக்டோபர் இறுதியில் ஒரு வாரம் இதே சிக்கல் திரும்பவும் வரும். உண்மையில் இந்த மூன்று நகரங்களையும் நடத்தியவரிடம் "மார்ச் மாதத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், எந்த நகரத்தின் நேரத்தை வைத்து அழைப்பை உருவாக்கினார், யாரிடம் எப்போது முன்கூட்டிச் சொன்னார் என்பது உடனே வரும். ரெஸ்யூமில் நகரங்களின் பெயரை மட்டும் எழுதியவரிடம் வராது.

வேலை தேடும் உதவியாளர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் எதிர்ப்பக்கத்தில் இருப்பவள். முந்தைய நிறுவனத்தில் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருப்பதால் எதையும் எழுத அஞ்சி, "இரகசியத் தகவல்களைக் கையாண்டேன்" என்ற ஒரே வரியோடு விட்டுவிட்டேன். இந்த இழையைப் படித்தால் அந்த வரிக்கு மதிப்பே இல்லை என்று தோன்றுகிறது. அப்படியானால் ஒப்பந்தத்தை மீறித்தான் வேலை பெற வேண்டுமா? அத்துடன், ரெஸ்யூம் இரண்டு பக்கத்துக்கு மேல் போகலாமா?

தலைமை அலுவலகத்தில் நீண்ட காலம் உதவியாளராக இருந்தவர்

பக்கக் கணக்கை வேறொரு இழையில் கேளுங்கள், அம்மா; உங்கள் முதல் கேள்வி இங்கே மிகவும் பொருந்துகிறது. எதைக் கையாண்டீர்கள் என்பதைச் சொல்லாமலே எப்படிக் கையாண்டீர்கள் என்பதைச் சொல்ல முடியும். "இயக்குநர் குழு ஆவணங்களைக் குறிப்பிட்ட உறுப்பினர்களுக்கு மட்டும் திறக்கும் கோப்புறையில் வைத்தேன், ஒருவர் குழுவிலிருந்து விலகிய அன்றே அவருடைய அனுமதியை நீக்கினேன்" என்று எழுதினால் எந்த ஒப்பந்தமும் மீறப்படுவதாக எனக்குத் தெரியவில்லை. காலண்டரில் ஒரு பதிவுக்கு நீங்கள் வைக்கும் தலைப்புகூட இரகசியம் காப்பதில் சேரும். `Private` என்று குறியிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள், ஆனால் காலண்டரைப் படிக்கும் அனுமதி பெற்றவர் வேறு வழியில் அந்தப் பதிவைத் திறந்துவிட வாய்ப்புண்டு. எனவே பணிநீக்கம் பற்றிய சந்திப்புக்கு, யாருடையது என்று தெரியாத பொதுத் தலைப்பு வைப்பதே வழக்கம்.

கேள்வி கேட்டவருக்கும் இதிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். முதல் பணியிலுள்ள "மிகுந்த கவனத்துடன் கையாண்டேன்" என்ற வரி எதையும் நிறுவவில்லை. அதே சமயம் எதையும் மறுக்கவும் இல்லை. உங்கள் குறிப்பில் அதைப் "பொருந்துகிறது" என்றும் எழுதாதீர்கள், "இல்லை" என்றும் எழுதாதீர்கள். "சொல்லப்படவில்லை, நேர்காணலில் கேட்க வேண்டும்" என்று எழுதுங்கள்.

ஒருங்கிணைப்பைப் பொறுத்தவரை, உங்கள் அறிவிப்பே தெளிவாக இல்லை. அலுவலக ஒருங்கிணைப்பு என்றால் வருகையாளர், பொருட்கள், அறைகள் என்றும் பொருள் உண்டு. எடுத்த முடிவுகளைப் பல துறைகளிடம் பின்தொடர்ந்து முடிப்பது என்றும் பொருள் உண்டு. எது என்று பணியமர்த்தும் அதிகாரியிடம் கேட்டுவிட்டு ரெஸ்யூமைத் திரும்பப் படியுங்கள்.

புதிய தேர்வாளர்

கேட்டேன். இரண்டாவது பொருள்தான்: தலைமைச் செயல் அதிகாரியின் வாராந்திரக் கூட்டத்தில் எடுக்கும் முடிவுகளை இரு அலுவலகங்களிலும் உரியவர்களிடம் சேர்த்து, அடுத்த கூட்டத்துக்குள் பதில் பெற்று வர வேண்டுமாம்.

அதை மனத்தில் வைத்துப் படித்தபோது, "அலுவலக ஒருங்கிணைப்பு" என்று தலைப்பிட்ட வரி நமக்கு உதவவில்லை; அதில் இருப்பவை முன்பதிவும் கொள்முதலும்தான். ஆனால் இயக்குநர் குழு ஆவணத் தொகுப்பை 7 நாட்களுக்கு முன்பே அனுப்பினேன் என்ற வரி இப்போது வேறு விதமாகத் தெரிகிறது. நிதிப் பிரிவிலிருந்து கணக்கும், சட்டப் பிரிவிலிருந்து தீர்மான வரைவும், பிற துறைகளிலிருந்து அறிக்கைகளும் உரிய நாளில் வந்து சேர்ந்திருந்தால்தான் அது நடந்திருக்கும். நான் அதை இரகசியத்தின் கீழ் மட்டும் எழுதியிருந்தேன். ஒருங்கிணைப்புக்கும் அதுவே வலுவான சான்று என்று எண்ணுகிறேன். சரிதானா?

அந்தக் கடைசி வரியையும் சரிபார்த்தேன். நிறுவனம் வாங்கப்பட்ட செய்தியும் பேச்சு எப்போது தொடங்கியது என்பதும் வாங்கிய நிறுவனத்தின் பொது அறிவிப்பிலேயே இருக்கின்றன. போட்டியாளர் விலகிய செய்தியை மட்டும் எங்கும் காணவில்லை.

தலைமை அலுவலகத்தில் நீண்ட காலம் உதவியாளராக இருந்தவர்

மிகச் சரி. ஒரு துறை தாமதித்தபோது அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள்: யாரிடம், எத்தனை நாள் முன்பு நினைவூட்டினார், எப்போது தலைமைச் செயல் அதிகாரியிடம் கொண்டுபோனார், காத்திருந்தாரா, அல்லது அந்த அறிக்கை இல்லாமலே தொகுப்பை அனுப்பிவிட்டுப் பின்னர் தனியாக இணைத்தாரா. அவர் தொகுப்பை உண்மையாகத் திரட்டினாரா, வந்ததை அடுக்கி அனுப்பினாரா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

பொது அறிவிப்பில் வந்ததை எழுதியது குற்றமன்று. போட்டியாளர் விலகியது வேறு. அது அந்தத் தலைமைச் செயல் அதிகாரியின் காலண்டரைப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியக்கூடிய செய்தி போலிருக்கிறது. ஆனாலும் நீங்கள் தேடிய இடங்களில் இல்லை என்பதால் எங்குமே வெளிவரவில்லை என்று ஆகாது. நேர்காணலில் "இந்த வரியில் எவற்றை எழுதலாம், எவற்றை எழுதக்கூடாது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். அந்தப் பேச்சுவார்த்தையைப் பற்றி மேலும் விவரம் கேட்டு, சொல்கிறாரா என்று சோதிக்காதீர்கள். அவர் மீற வேண்டும் என்று நாமே தூண்டுவது முறையன்று.

மனிதவளப் பிரிவில் இருப்பவர்

காலண்டர் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். நால்வர் என்ற எண்ணைப் பார்த்து அவசரப்பட்டேன். ஆனால் கடைசி வரியில் என் கருத்து மாறவில்லை. அழுத்தம் எதுவும் இல்லாமல், வீட்டில் அமர்ந்து நிதானமாக எழுதும் ரெஸ்யூமிலேயே ஒருவர் இவ்வாறு எழுதுகிறார் என்றால், விளக்கம் கேட்பதால் என்ன மாறப்போகிறது? சோதித்துப் பார்ப்பது முறையன்று என்பதும் எனக்கு ஒப்புதலில்லை. வேலையில் சேர்ந்த மறுநாளே யாராவது அவரிடம் அப்படிக் கேட்கத்தான் போகிறார்கள்.

புதிய தேர்வாளர்

இருவருக்கும் நன்றி. என் குறிப்பை இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன். காலண்டர்: இரண்டாம் பணியின் அடிப்படையில் பொருந்துகிறது, ஆனால் இரு அதிகாரிகளின் காலண்டர்கள் மோதும்போது யாருக்கு முன்னுரிமை தருவார் என்பது ஒருவரிடம் மட்டும் பணிபுரிந்த இந்த அனுபவத்தில் தெரியவில்லை, கேட்க வேண்டும். ஒருங்கிணைப்பு: ஆவணத் தொகுப்பின் அடிப்படையில் பொருந்துகிறது, தாமதம் பற்றிக் கேட்க வேண்டும். இரகசியம்: ஆவணத் தொகுப்பு சாதகம், கடைசி வரி ஐயத்துக்குரியது. இந்த ஐயத்தோடு அவரை நேர்காணலுக்கு அழைப்பதா வேண்டாமா என்பதில் உங்கள் இருவரின் வாதங்களையும் எழுதி மூத்த அதிகாரியிடமே விட்டிருக்கிறேன்.