மேல்தொட்டி வழிகிறது: மிதவை வால்வு மட்டும் போதுமா?

வணக்கம். சிராங்கூனில் எங்கள் தரைவீட்டில் கீழ்த்தொட்டியிலிருந்து பம்ப் மூலம் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிறது. ஒரு வாரமாக ஓவர்ஃப்ளோ குழாயில் தண்ணீர் வழிகிறது. பம்ப்பை அணைத்தால் நின்றுவிடுகிறது. மூடியைத் திறந்து பார்த்தேன்: தண்ணீர் விழும் இடத்துக்கு நேர் கீழே மிதவை சுவிட்ச் ஆடிக்கொண்டிருக்கிறது, அதன் வயர் குழாயில் சுற்றிக் கிடக்கிறது.

மேலே வால்வு மட்டும் போட்டால், அது மூடிய பிறகும் பம்ப் ஓடிச் சூடாகிவிடும். அதனால் சுவிட்சை எதிர் மூலைக்கு மாற்றி, ஓவர்ஃப்ளோ வாய்க்கு 10 செ.மீ. கீழேயே பம்ப் நிற்கும்படி வைத்தால் சரியா? வால்வையும் கூடவே வைக்கலாமா? அப்புறம், கீழ்த்தொட்டி வற்றினால் பம்ப்பை நிறுத்தும் மிதவையை எந்த உயரத்தில் வைத்திருக்கிறீர்கள்? சனிக்கிழமை உரிமம் பெற்ற பிளம்பர் வருகிறார், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.