திருவண்ணாமலைக்கு ஒரு நாள் கார்: 6,000 என்று கணக்குப் போட்டேன், 9,120-க்கு பில் வந்தது

ராமமூர்த்தி நகர்க்காரி

போன மாதம் பெங்களூரிலிருந்து அம்மா அப்பாவோடு திருவண்ணாமலை போய் வந்தோம். நாலு பேர், செடான் போதும் என்று தெரிந்தவர் கொடுத்த நம்பரில் பேசினேன். கிலோமீட்டருக்கு 13 ரூபாய், டிரைவர் பேட்டா 400, டோல் பார்க்கிங் தனி என்றார். மேப்பில் வீட்டிலிருந்து கோயில் வரை 202 காட்டியது. போக வர 404, அங்கே கொஞ்சம் சுற்றினால் 410 என்று வைத்துக்கொண்டு 5,330, பேட்டா 400, டோல் ஒரு 300, ஆக ஆறாயிரம் சொச்சம் என்று நானே முடிவு செய்து அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

காலை அஞ்சு மணிக்குக் கிளம்பினோம். தரிசனம், ரமணாசிரமம், சாப்பாடு எல்லாம் முடிந்து சாயங்காலம் ஆறரைக்குத் திரும்பக் கிளம்பினோம். ஓசூர் தாண்டியதும் வழக்கமான நெரிசல், வீட்டு வாசலில் இறங்கும்போது மணி 11.40. மறுநாள் வாட்ஸ்அப்பில் பில் வந்தது. 600 கி.மீ. 7,800, பேட்டா இரண்டு நாளுக்கு 800, டோல் 420, பார்க்கிங் 100, மொத்தம் 9,120! நாங்கள் ஓடியதே 410 தானே, 600 எங்கிருந்து வந்தது, ஒரே நாளில் போய் வந்ததற்கு இரண்டு நாள் பேட்டா எப்படி என்று கேட்டால், "மேடம், வண்டி ஷெட்டுக்கு வரும்போது 12.35 ஆயிடுச்சு" என்கிறார். இது நியாயமா, இல்லை என்னை ஏமாற்றுகிறாரா? இன்னும் பணம் கொடுக்கவில்லை.

இந்திராநகர் ஐடி

ஏமாற்றுதான். மினிமம் கி.மீ. என்பதே கொள்ளை. ஓடாத கிலோமீட்டருக்கு ஏன் காசு? நான் எப்போதும் ஆப்பில்தான் போடுவேன், அதில் இந்தத் தொல்லையே கிடையாது. டிரைவருக்கு மதியம் நாமே சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டால் பேட்டாவும் கேட்கக்கூடாது.

பழைய மஞ்சள் போர்டு

தம்பி, ஆப்பில் ரவுண்டு ட்ரிப் போட்டுப் பாருங்க, அதிலும் ஒரு நாளுக்கு இத்தனை கி.மீ. என்று உள்ளே சேர்த்துத்தான் ரேட் காட்டும், நமக்குக் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

நான் இருபது வருஷம் வண்டி ஓட்டினேன், கடைசி எட்டு வருஷம் சொந்தமாக மூணு வண்டி வைத்திருந்தேன், அதனால் இரண்டு பக்கமும் தெரியும். வெளியூர் வாடகையில் பெங்களூரில் ஒரு நாளுக்கு 250 அல்லது 300 கி.மீ. மினிமம் வைப்பது வழக்கம். நீங்கள் ஆறு மணி நேரம் கோயிலில் இருக்கும்போது வண்டி சும்மா நிற்கிறது, டிரைவரும் வேறு சவாரி எடுக்க முடியாது. அந்த நேரத்துக்குத் தனியாக வெயிட்டிங் போடாமல் மினிமத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அதனால் ரவுண்டு ட்ரிப்பில் வெயிட்டிங் சார்ஜ் என்று யாராவது தனியாக எழுதினால் அதைத்தான் முதலில் கேள்வி கேட்கணும். உங்கள் பில்லில் அது இல்லை, நல்லது.

உங்களை அடித்தது ராத்திரி 12 மணி. டிராவல்ஸ்காரர்களுக்கு நாள் என்பது 24 மணி நேரம் இல்லை, காலண்டர் தேதி. தேதி மாறினால் இரண்டாவது நாள், அப்போது மினிமம் 300 ரெண்டு தடவை, பேட்டாவும் ரெண்டு தடவை. நீங்கள் அஞ்சு மணிக்குக் கிளம்பியதால் 19 மணி நேரம் இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள், ஆனால் வண்டிக்குக் கணக்கு ஷெட்டில் ஆரம்பித்து ஷெட்டில் முடியும். அவர் ஷெட் எங்கே?

ராமமூர்த்தி நகர்க்காரி

கெங்கேரி!! நான் கேட்கவே இல்லை அண்ணா.

பழைய மஞ்சள் போர்டு

அங்கேதான் போச்சு. கெங்கேரியிலிருந்து உங்கள் வீட்டுக்கு 28 கி.மீ. வரும். காலையில் 28, ராத்திரி 28, ஆக 56. உங்கள் 410-ல் ஊருக்குள் சுற்றியது கொஞ்சம் கூட வரும், மொத்தம் 468 பக்கம் இருக்கணும். மீட்டர் ரீடிங் கேளுங்கள். அந்த 56-க்கு மட்டும் 728 ரூபாய். உங்கள் பக்கத்தில் கே.ஆர்.புரத்திலேயே வண்டி பிடித்திருந்தால் அதில் முக்கால்வாசி மிச்சம், ராத்திரி 12 மணிக்குள் ஷெட்டுக்கும் போயிருக்கும். ரேட் 13-ஆ 12-ஆ என்று பேரம் பேசுகிற நேரத்தில் "ஷெட் எங்கே இருக்கு" என்று ஒரு கேள்வி கேட்டால் அதில்தான் காசு.

இந்த ஷெட் கணக்கு எல்லா ட்ரிப்பிலும் வலிக்காது. மொத்த ஓட்டம் 300-க்குள் அடங்கினால் ஷெட் தூரம் மினிமத்துக்குள் கரைந்துவிடும். 300-ஐத் தாண்டும் ட்ரிப்பில்தான் ஒவ்வொரு கி.மீ.யும் பில்லில் ஏறும்.

பேட்டா பற்றி அந்தத் தம்பிக்கு: சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் சந்தோஷம், ஆனால் பேட்டா சாப்பாட்டுக்காசு மட்டும் இல்லை. சம்பள டிரைவருக்கு அன்றைக்குக் கையில் நிற்பது அதுதான். காலை மூணரைக்கு எழுந்து ராத்திரி ஒரு மணிக்குப் படுக்கிறான். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓட்டினால் நைட் பேட்டா என்று 200, 250 தனியாக வாங்குவதும் உண்டு.

கம்மனஹள்ளி மாமி

எனக்கு வெயிட்டிங் சார்ஜே போட்டார்களே! அக்காவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கிருஷ்ணகிரியில் டிபனுக்கு நிறுத்தினோம், அவளுக்கு மெதுவாகத்தான் சாப்பிட முடியும், முக்கால் மணி ஆனது. இறங்கும்போது வெயிட்டிங் என்று 150 ரூபாய் கேட்டார். இப்போது நீங்கள் வெயிட்டிங்கே கிடையாது என்கிறீர்கள்.

பழைய மஞ்சள் போர்டு

அக்கா, நீங்கள் ஒன் வே ட்ராப் போட்டிருப்பீர்கள், சரியா?

கம்மனஹள்ளி மாமி

ஆமாம், திரும்ப மறுநாள்தான் வந்தோம்.

பழைய மஞ்சள் போர்டு

அது வேறு கணக்கு. ட்ராப்பில் இறக்கிவிட்டு அவன் அடுத்த சவாரி பார்க்கணும், அதனால் கொஞ்ச நேரம் சும்மா விட்டு, அதற்கு மேல் நிமிஷக் கணக்கில் போடுவார்கள். எத்தனை நிமிஷம் இலவசம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். உள்ளூர் பேக்கேஜிலும் (8 மணி 80 கி.மீ. என்பார்களே) மணி தாண்டினால் கூடுதல் மணிக்கு இவ்வளவு என்று ஏறும். ரவுண்டு ட்ரிப் மட்டும்தான் கடிகாரம் பார்க்காது, காலண்டர் பார்க்கும்.

நந்தி மலை ஞாயிறு

இதைப் படித்தபின்தான் என் முட்டாள்தனம் புரிகிறது. நந்தி மலைக்குப் போக வர 130 கி.மீ.கூட ஆகவில்லை, வெளியூர் என்று 300 கி.மீ.க்கு 3,900 கொடுத்தேன். அடுத்த மாதம் அதே இடத்துக்கு மச்சான் 12 மணி 120 கி.மீ. பேக்கேஜில் 2,900-க்குப் போய் வந்தான், கூடுதல் கி.மீ. காசும் சேர்த்து. ஆனால் சிலர் உள்ளூர் பேக்கேஜில் ஊர் எல்லை தாண்ட மாட்டேன் என்கிறார்கள், முதலிலேயே இடத்தைச் சொல்லிக் கேட்கணும்.

ராமமூர்த்தி நகர்க்காரி

அண்ணா சொன்னதை வைத்துப் பேசினேன். ரீடிங் 468, நீங்கள் சொன்னதேதான்! "நான் வீட்டில் இறங்கியது 11.40, அப்புறம் நீங்கள் கெங்கேரி போனது என் தப்பா" என்று கேட்டேன். கொஞ்சம் முறைத்தார், கடைசியில் ஒரு நாளாகவே போட்டுக்கொள்கிறேன் என்றார். 468-க்கு 6,084, பேட்டா 400, நைட் பேட்டா 200, டோல் 420, பார்க்கிங் 100, ஆக 7,204. கொடுத்துவிட்டேன். கணக்கு எழுதி வைத்திருந்ததால்தான் பேச முடிந்தது.

ஓசூர் போக்குவரத்து

டோல் 420 கொஞ்சம் இடிக்கிறது மேடம். தேசிய நெடுஞ்சாலை டோலில் 24 மணி நேரத்துக்குள் திரும்பி வந்தால் போக வரச் சேர்த்து ஒன்றரை மடங்குதான், இரண்டு மடங்கு இல்லை. போகும்போது முழுசாகக் கழியும், அதே டோலில் வரும்போது பாதிதான் கழியும், ஃபாஸ்டேக்கில் அது தானாக நடக்கும். 420 என்பது போகும்போது கழிந்த 210-ஐ இரண்டால் பெருக்கிய மாதிரி இருக்கிறது. ரசீது இருக்காது, ஆனால் ஒவ்வொரு தடவையும் ஓனர் போனுக்கு மெசேஜ் வரும். அதை ஸ்க்ரீன்ஷாட் கேளுங்கள்.

ராமமூர்த்தி நகர்க்காரி

கேட்டேன். ஒரு நாள் கழித்து அனுப்பினார், கூட்டினால் 315. நீங்கள் சொன்ன மாதிரி வரும்போது எல்லாமே பாதி. டிரைவர் பழக்கத்தில் இரட்டிப்பாக எழுதிவிட்டான், 105 ரூபாயை அடுத்த ட்ரிப்பில் கழித்துக்கொள்கிறேன் என்றார். பொய்யா மறதியா என்று தெரியவில்லை, நானும் அதற்கு மேல் கிளறவில்லை.

டி.சி.பாளையம்

எங்களிடம் பெர்மிட் என்று 500 கூட வாங்கினார்கள், நீங்கள் தப்பித்தீர்கள். வண்டி TN 70, ஓசூர் நம்பர். தமிழ்நாட்டு வண்டி தமிழ்நாட்டுக்குப் போக எதற்குப் பெர்மிட் என்று கேட்டேன், கர்நாடகாவுக்குள் வந்ததற்கு என்றார்.

பழைய மஞ்சள் போர்டு

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் பெர்மிட் என்று அவர் சொல்லும் அந்த வரியை ஒரு மாதத்துக்கோ அதற்கு மேலோ கட்டி வைத்திருந்தால் அதை உங்கள் ஒரு நாளில் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. நான் எங்கள் வண்டிகளுக்கு அதை கி.மீ. ரேட்டிலேயே சேர்த்துவிடுவேன். தனியாகக் கேட்டால் உங்கள் தேதி அடங்கிய ரசீது காட்டச் சொல்லுங்கள்.

இந்திராநகர் ஐடி

சரி, மினிமம் புரிகிறது, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் நேரம் ஷெட்டில் முடியும் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ராத்திரி ஷெட்டில் ரீடிங் எடுக்கும்போது நாம் அங்கே இருப்பதில்லை. அவர் வழியில் இன்னொரு ஆளை ஏற்றி இறக்கிவிட்டுப் போனாலும் நமக்குத் தெரியாது.

பழைய மஞ்சள் போர்டு

நியாயமான கேள்வி. என் பழைய வாடிக்கையாளர்களிடம் நான் ஷெட் ரீடிங்கே காட்டியது இல்லை. வீட்டு வாசலில் ஏறும்போது ஒரு ரீடிங், இறங்கும்போது ஒரு ரீடிங், ஷெட்டுக்கு இத்தனை என்று முன்னாலேயே ஒரு எண் பேசி அதைச் சேர்த்துக்கொள்வேன். வாசலில் நின்று மீட்டரைப் போனில் படம் எடுத்தால் போதும். நேரத்துக்கு மட்டும் ஒவ்வொருத்தரும் ஒரு மாதிரி. நான் வாசல் நேரத்தைத்தான் எடுப்பேன், என் தம்பி இன்றைக்கும் ஷெட் நேரத்தைத்தான் எடுக்கிறான், இதில் எங்கள் வீட்டிலேயே சண்டை.

ராமமூர்த்தி நகர்க்காரி

அடுத்து பௌர்ணமிக்கு கிரிவலம் போகணும் என்கிறார் அப்பா. நடந்து முடிக்கவே ராத்திரி ரெண்டு மணி ஆகும், அப்படியானால் எப்படியும் இரண்டு நாள்தான். பேசாமல் மதியம் ரெண்டு மணிக்கு மேல் கிளம்பி மறுநாள் சாவகாசமாக வரலாம், அதே 600-தானே. கே.ஆர்.புரத்தில் ஷெட் இருக்கிற யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.