குரோமாட்டிட்: அரையா, படியா, உடன்புரியா?

தாராவி, மாலை வகுப்பு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக, செல் பிரியும் இரண்டு முறைகளான மைட்டாசிஸையும் மியாசிஸையும் அருகருகே வைத்து ஓர் அட்டவணை தயாரிக்கிறேன். தேர்வில் அவர்களே படத்தை மீண்டும் வரைய வேண்டும் என்பதால் நான்கே குரோமோசோம்கள் உள்ள செல்லை எடுத்துக்கொண்டேன். நீளமானவை இரண்டு, குட்டையானவை இரண்டு. தாய்வழி வந்தவற்றுக்குள் சாய்கோடு போட்டுத் தந்தைவழி வந்தவற்றை வெறுமையாக விட்டேன். வண்ணப் பென்சில் தேவையில்லை.

சிக்கல் ஒரு சொல்லில் வந்தது. குரோமாட்டிட் என்பதற்குப் பழைய குறிப்பு ஒன்றில் 'அரைநிறவுரு' என்று இருந்ததை அப்படியே எழுதிப்போட்டேன். ஒரு மாணவி மைட்டாசிஸின் அனாஃபேஸ் படத்தைப் பிழையில்லாமல் வரைந்துவிட்டு, ஒவ்வொரு முனையிலும் குரோமோசோம் எண்ணிக்கை 2 என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "நாலு அரை சேர்ந்தால் ரெண்டுதானே டீச்சர்" என்றாள். விடை 4. அவள் கணக்கில் தவறில்லை, நான் கொடுத்த சொல்லில்தான் தவறு. வேறு சொல் வேண்டும்.

செம்பூர்

மைட்டாசிஸுக்கு மறைமுகப் பிரிவு என்றும், மியாசிஸுக்குக் குன்றல் பகுப்பு என்றும் தமிழ்நாட்டில் எப்போதோ வந்துவிட்டது. இலங்கையில் ஒடுக்கற்பிரிவு என்பார்கள். இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்ளாமல் எதற்குப் புதிதாகத் தேடுகிறீர்கள்?

தாராவி ஆசிரியை

ஐயா, பிரிவுகளின் பெயரை நான் கேட்கவில்லை. பிரிவதற்கு முன் ஒரே குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இழைகளில் ஒன்றை எப்படி அழைப்பது என்பதே கேள்வி.

மாட்டுங்கா, ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்

'அரை' ஆகவே ஆகாது. பிரிவதற்கு முன்பே செல் தன் டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுத்துவிடுகிறது. நகல் எப்படி அரையாகும்? கையெழுத்துப்படி, மெய்ப்புப்படி என்று நாற்பது ஆண்டுகள் நான் புழங்கிய 'படி' இருக்கிறதே. இரண்டும் சேர்ந்திருக்கும்போது 'உடன்படிகள்' எனலாம் என்று எழுத வந்தேன். எழுதிப் பார்த்தால் யாரோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதுபோல் இருக்கிறது. வெறும் 'படி' போதும்.

முலுண்ட், ஒரு தந்தை

படி நன்றாக இருக்கிறது. என் மகனுக்கு நேற்றுத்தான் சொல்லிக்கொடுத்தேன்: மியாசிஸின் முதல் பிரிவில் படிகள் இரண்டாகப் பிரிகின்றன, அதனால் எண்ணிக்கை பாதியாகிறது. இரண்டாம் பிரிவு மைட்டாசிஸ் போன்றதுதான்.

பரேல், மருத்துவமனைக் குரோமோசோம் ஆய்வகம்

முலுண்ட் ஐயா சொன்ன இரண்டாவது வாக்கியம் சரி. முதலாவதை இன்றிரவே மகனிடம் திருத்திவிடுங்கள். முதல் பிரிவில் எண்ணிக்கை பாதியாவது உண்மை, ஆனால் படிகள் பிரிவதால் அல்ல. தாய்வழி நீளமும் தந்தைவழி நீளமும் ஜோடி சேர்ந்து நின்று, ஜோடியாகப் பிரிகின்றன. ஒவ்வொன்றும் தன் இரண்டு இழைகளோடுதான் முனைக்குப் போகிறது. இழைகள் விடுபடுவது இரண்டாம் பிரிவில்.

எண்ணும் முறையை என் வேலையிலிருந்தே சொல்கிறேன். ரத்தச் செல்களை வளர்த்து, மெட்டாஃபேஸில் நிறுத்தி, கண்ணாடித் தகட்டில் விரிப்போம். ஒவ்வொன்றும் இரட்டையாகத் தெரியும், ஆக இழைகள் 92. ஆனாலும் அறிக்கையில் `46,XX` என்றுதான் போகும். நாங்கள் எண்ணுவது சென்ட்ரோமியரை. இரண்டு இழைகளை ஒரு சென்ட்ரோமியர் பிடித்திருக்கும்வரை அது ஒன்று. பிடி விட்ட நொடியில் ஒவ்வோர் இழையும் முழுக் குரோமோசோம். இந்த விதியை வைத்து ஆசிரியையின் நான்கு குரோமோசோம் செல்லுக்கு எண்ணினால் இப்படி வரும். முதல் எண் குரோமோசோம், அடுத்தது ஒட்டியிருக்கும் இழைகள்.

| நிலை | மைட்டாசிஸ் | மியாசிஸ் 1 | மியாசிஸ் 2 |
|---|---|---|---|
| மெட்டாஃபேஸ், ஒரு செல்லில் | 4, 8 | 4, 8 | 2, 4 |
| அனாஃபேஸ், முழுச் செல்லில் | 8, 0 | 4, 8 | 4, 0 |
| பிரிந்தபின், ஒரு செல்லில் | 4, 0 | 2, 4 | 2, 0 |

அந்த 8-ஐப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். தேர்வுத்தாளில் 'முனைக்கு 4' என்று எழுதுவது பாதுகாப்பு.

'படி'யில் எனக்கு ஒரு தயக்கம். மியாசிஸின் முதல் புரோஃபேஸில் ஜோடிகள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதற்குப்பின் ஒட்டியிருக்கும் இரண்டு இழைகளும் ஒன்றுக்கொன்று நகல் அல்ல. அப்போதும் படி என்பதா?

தாராவி, கயிற்றுக் கடை

விஞ்ஞானம் எனக்குத் தெரியாது, கயிறு தெரியும். இரண்டு இழை சேர்ந்து முறுக்கியதை இரண்டு புரிக் கயிறு என்போம். பூணூலைக்கூட முப்புரி நூல் என்கிறார்கள். இங்கே ஏன் புரி என்று சொல்லக்கூடாது?

தாராவி ஆசிரியை

அண்ணாச்சி, நேற்று உங்கள் கடைச் சணல் துண்டுகளை வகுப்புக்குக் கொண்டுபோனேன். நடுவில் முடிச்சுப் போட்டு நான்கு துண்டு. இருபுறமும் புரிகளைப் பிரித்துவிட்டால் முடிச்சு மட்டும் பிடித்திருக்கிறது. முடிச்சை அவிழ்த்ததும் எட்டு. அந்த மாணவி எண்ணியது 8.

குரோமோசோமுக்கே 'நிறப்புரி' என்று சிலர் எழுதுவதால், உடன்பிறந்த புரி என்ற பொருளில் 'உடன்புரி' என்கிறேன். ஒட்டியிருக்கும்வரை உடன்புரி. முடிச்சு அவிழ்ந்தால் 'உடன்' போய்விடும், அது நிறப்புரியாகிவிடும். எண்ணும் விதி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

வரையும்போது இதை வைத்தே இரண்டு அனாஃபேஸ்களையும் பிரித்துக் காட்டினேன். மைட்டாசிஸில் முனைக்குப் போவது ஒற்றைக்கோட்டு வளைவு, முனைக்கு நான்கு, சென்ட்ரோமியரைக் குறிக்கும் புள்ளி முன்னால். மியாசிஸின் முதல் பிரிவில் ஒவ்வொரு வளைவும் இரட்டைக்கோடு, முனைக்கு இரண்டே. ஒற்றைக்கோடு போட்டவர்கள் முலுண்ட் ஐயா சொன்ன தவறைத்தான் வரைந்திருப்பார்கள்.

முலுண்ட்

நானும் அப்படித்தான் வரைந்து கொடுத்தேன். அழித்துவிட்டேன்.

மாட்டுங்கா

ஆசிரியைக்கு ஒரு கேள்வி. கயிற்றில் ஒரு புரியின் கனம் கயிற்றில் பாதிதானே? வாசலில் துரத்திய 'அரை' கொல்லை வழியாக வந்துவிட்டது. ஒலி நன்றாக இருப்பதால் மேலும் சண்டை போடமாட்டேன்.

தாராவி ஆசிரியை

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. அதனால்தான் சணலை மெல்லியதாகவும் தடித்ததாகவும் இரண்டு விதமாகக் கொண்டுபோகவில்லை. எடைபோட்டுப் பார்த்துவிடுவார்கள்.

பரேல்

உடன்புரிக்கு என் வாக்கு. ஆனால் துண்டு மாற்றிக்கொள்வது உடன்புரிகளுக்கு இடையே அல்ல. ஜோடியில் இந்தக் குரோமோசோமின் ஒரு புரிக்கும் அந்தக் குரோமோசோமின் ஒரு புரிக்கும் இடையே நடக்கிறது. படத்தில் சாய்கோடு போட்ட புரியின் நுனியில் ஒரு வெறுமைத் துண்டு வருவது இதனால்தான். அந்த எதிர்ப்பக்கத்துப் புரிக்கு என்ன பெயர்? 'உடன்புரி அல்லாத புரி' என்று பிள்ளைகளை எழுதச் சொன்னால் அட்டவணைக் கட்டம் போதாது.

மாட்டுங்கா

'மாற்றான் புரி' என்று சொல்லத் தோன்றுகிறது. சொத்துத் தகராறு போலிருக்கும்.

கயிற்றுக் கடை

எதிர்ப்புரி?

பரேல்

எதிர் என்றால் எதிர் முனை என்று நினைத்துக்கொள்வார்கள். அனாஃபேஸ் படத்தில் குழப்பம் வரும்.

தாராவி ஆசிரியை

அந்தக் கட்டத்தை இப்போதைக்கு வெறுமையாக விட்டு நாளை நகலெடுக்கக் கொடுக்கிறேன். படம் மட்டும் இருக்கும். சொல் கிடைத்தவர்கள் காலை எட்டு மணிக்குள் எழுதுங்கள். பேனாவால் நிரப்பிவிடுகிறேன்.