ஏப்ரலை எங்கே வைப்பது? ஆறு ரூமின் பன்னிரண்டு மாதக் கணக்கு

கிரகரிக் கரை

நுவரெலியாவில் கிரகரி வாவிக்கு மேற்பக்கம் எங்களுக்கு ஆறு ரூம் கெஸ்ட் ஹவுஸ். இன்னும் இரண்டு ரூம் கட்டலாம் என்று வங்கிக்குப் போனோம். மாதம் எத்தனை ரூம் போனது, சராசரி என்ன வாடகை என்று பன்னிரண்டு மாதத்துக்கும் எழுதித் தரச் சொன்னார்கள். பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். ஒரு ரூம் ஒரு இரவு போனால் ஒன்று என்று எண்ணியிருக்கிறேன். வாடகையில் காலைச் சாப்பாட்டுக் காசைச் சேர்க்கவில்லை.

ஜனவரி 93 இரவு, ரூ. 8,000
பெப்ரவரி 84, ரூ. 8,000
மார்ச் 62, ரூ. 7,500
ஏப்ரல் 135, ரூ. 16,000
மே 62, ரூ. 7,500
ஜூன் 36, ரூ. 6,000
ஜூலை 62, ரூ. 7,500
ஓகஸ்ட் 93, ரூ. 8,000
செப்டெம்பர் 54, ரூ. 6,500
ஒக்டோபர் 31, ரூ. 6,000
நவம்பர் 36, ரூ. 6,000
டிசம்பர் 124, ரூ. 10,500

அங்கே இருந்த தம்பி பன்னிரண்டு வாடகையையும் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்தார், 8,125 வந்தது. விற்க இருந்த ரூமில் எத்தனை வீதம் போனது என்ற ஒக்கியுபன்சியையும் அப்படியே சராசரி எடுத்து, நாற்பது வீதத்துக்குக் கொஞ்சம் குறைவு என்றார். இரண்டையும் பெருக்கி, ஒரு ரூமுக்கு ஒரு நாளைக்கு 3,239 ரூபாய்தான் வருகிறது, இதில் கடன் கட்டுவது கஷ்டம் என்றார். ஆறு ரூமுக்கு வருஷம் முழுக்க அதைப் பெருக்கினால் 71 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. என் கையில் வந்ததோ 79 லட்சத்து 86 ஆயிரம். மிச்சம் எங்கே போனது? உங்கள் இடங்களில் மாதக் கணக்கு எப்படி ஓடுகிறது, எப்படி எழுதுகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

கண்டி பாஸ்கர்

அண்ணே, இந்தக் கூட்டல் பெருக்கலை விடுங்க. ஜூன்ல 36, ஒக்டோபர்ல 31. அங்கதான் ஓட்டை. ரூம் சும்மா கிடந்தா ஒரு சதமும் வராது. ஆறாயிரத்தை நாலாயிரத்து ஐந்நூறாக்குங்க, ஆள் வரும். நான் எப்பவும் ஒக்கியுபன்சியைத்தான் பார்ப்பேன். பெரஹெரா மாதத்துல எனக்குத் தொண்ணூறுக்கு மேல.

ஃப்ரண்ட் ஒபிஸ் ராஜன்

முதலில் கிரகரிக் கரையின் கேள்வி. அந்த 8,125 தான் பிழை. ஜூனில் 36 இரவு விற்ற விலைக்கும் ஏப்ரலில் 135 இரவு விற்ற விலைக்கும் அதில் ஒரே எடை கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு விலை ஏறும் மாதமும் ரூம் நிறையும் மாதமும் ஒன்றாகவே வருகின்றன. அதனால் மாத வாடகைகளைச் சும்மா சராசரி எடுத்தால் எப்போதும் குறைத்துத்தான் காட்டும்.

வருஷ ஏ.டி.ஆர்., அதாவது விற்ற ஒரு இரவின் சராசரி வாடகை வேண்டுமானால் மொத்த ரூம் காசை மொத்த இரவால் பிரியுங்கள். நீங்கள் எழுதியதைக் கூட்டினால் 872 இரவு, ரூ. 79,86,000. பிரித்தால் 9,158 ரூபாய். ஆறு ரூமுக்கு 365 நாளில் 2,190 இரவு விற்க இருந்தது, அதில் 872 என்றால் 39.8 வீதம். அதே 79,86,000ஐ 2,190ஆல் பிரித்தால் 3,647 ரூபாய். விற்க இருந்த ஒவ்வொரு இரவுக்கும் வந்த அந்தக் காசுதான் உங்கள் ரெவ்பார்.

ஒன்றைக் கவனியுங்கள். ஒக்கியுபன்சியைச் சும்மா சராசரி எடுத்தும் கிட்டத்தட்ட சரியான எண்தான் வந்தது. மாதங்களுக்கு 28 முதல் 31 நாள் என்பதால் கீழே வகுக்கும் எண் பெரிதாக மாறுவதில்லை. ரெவ்பாருக்கும் அப்படித்தான். ஏ.டி.ஆருக்குக் கீழே இருப்பது விற்ற இரவு, அது உங்களுக்கு 31இலிருந்து 135 வரை ஆடுகிறது. வங்கித் தம்பி வாடகையையும் ஒக்கியுபன்சியையும் ஒரே மாதிரி நடத்தியதில்தான் ஒன்பது லட்சம் காணாமல் போயிற்று. மாத ரெவ்பாரை எழுதி, அதன் பக்கத்திலேயே மொத்தக் காசையும் போட்டுக் கொடுங்கள். அவர்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

எல்ல சுமதி

எங்க பக்கம் வேற கதை. ஏப்ரல் எங்களுக்கு உச்ச சீசன் இல்லை. ஜனவரி, பெப்ரவரி, மார்ச், பிறகு ஜூலை, ஓகஸ்ட், இதுதான் வெள்ளைக்காரங்க வர்ற காலம். ஜூன்ல நுவரெலியா மழையில நனையும்போது எல்ல காய்ஞ்சு கிடக்கும். ஒக்டோபர், நவம்பர்ல மழை எங்களைப் பிடிக்கும். அதனால மலைநாட்டுக்கே ஒரு மாதக் கணக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

எனக்கு வேற சிக்கல். நான் டொலர்ல விலை போடுறேன். 2022ல மார்ச் தொடக்கத்துல டொலர் 200 ரூபா சொச்சம், மே மாசம் 360 பக்கம். அந்த வருஷம் ரூபாயில எழுதின ஏ.டி.ஆர். மேலே மேலே போச்சு. ஆனா டொலர் விலையை நான் குறைச்சுக்கிட்டேதான் வந்தேன். பெற்றோலுக்கு வரிசையில நின்ன காலம், யார் வருவாங்க? இப்ப ரெண்டுலயும் எழுதி வைக்கிறேன். புக்கிங் சைட் எடுக்குற 15 வீத கொமிஷனைக் கழிச்சு எழுதுறதா, கழிக்காமயா?

ஃப்ரண்ட் ஒபிஸ் ராஜன்

சுமதி, விருந்தாளி கொடுத்ததை வருமானமாக எழுதி, கொமிஷனைச் செலவில் போடுவதுதான் என் வழக்கம். கழித்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஜனவரியில் ஒரு விதம், ஓகஸ்டில் ஒரு விதம் என்று இருக்கக் கூடாது. உங்களுக்கு ஓகஸ்டில் பெரும்பாலும் சைட் வழியாக வருவார்கள், கிரகரிக் கரைக்கு ஏப்ரலில் பெரும்பாலும் ஃபோனில் வருவார்கள். ஒருவர் கழித்தும் மற்றவர் கழிக்காமலும் எழுதினால் இரண்டு பேரின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பிரயோசனமில்லை.

பாஸ்கர் சொன்னது பாதி சரி. வெறும் ரூமை மறுநாள் விற்க முடியாது என்பது உண்மை. ஜூனை எடுத்துப் பார்ப்போம். 36 இரவு, 6,000 வீதம் 2,16,000 ரூபாய். 4,500 ஆக்கினால் அதே காசு வரவே 48 இரவு போக வேண்டும். அதோடு ஒவ்வொரு இரவுக்கும் சுடுதண்ணீர், துணி துவைப்பு, சவர்க்காரம் என்று போகும். அதை 1,200 என்று வையுங்கள். முன்பு கையில் நின்றது 4,800 வீதம் 1,72,800. இப்போது ஒரு இரவுக்கு 3,300தான் நிற்கும், அதே தொகைக்கு 53 இரவு வேண்டும். அதாவது விலையில் கால் பங்குதான் குறைத்தீர்கள், ஆனால் ஆள் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக வேண்டும். ஜூனில் நானுஓயாவில் இறங்குகிற ஆளே குறைவு. மழைக்குப் பயந்தவன் விலையைப் பார்த்து வர மாட்டான்.

கண்டி பாஸ்கர்

கண்டியில வருவாங்க ஐயா. நான் குறைச்சுத்தான் நிரப்பினேன். வேலைக்கு வர்ற ஆட்கள், ஆஸ்பத்திரிக்கு வர்ற ஆட்கள் மழையைப் பார்க்க மாட்டாங்க.

ஃப்ரண்ட் ஒபிஸ் ராஜன்

அது சரிதான், கண்டிக்கு நான் மறுக்கவில்லை. ஆனால் பெரஹெரா மாதத்தைப் போன வருஷத்து அதே மாதத்தோடு ஒப்பிடும்போது கவனம். நாள் பௌர்ணமியைப் பார்த்து நகரும், ஜூலைக்கும் ஓகஸ்டுக்கும் இடையில் காசு இடம் மாறும்.

நல்லதண்ணி செல்வா

நான் கேட்க வந்தது வேற. எங்ககிட்ட சிவனொளிபாதமலைக்கு ஏறுறவங்கதான். சாயங்காலம் வந்து கொஞ்சம் சாஞ்சிட்டு, நடுராத்திரிக்கு ஏறப் போயிடுவாங்க. காலையில இறங்கினதும் வேற கூட்டம் குளிச்சுப் படுக்க அதே ரூமை எடுக்கும். ஒரு ரூமை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கொடுக்கிறேன். ஒக்கியுபன்சி 130 வீதம்னு வருது. அப்போ நான் தான் இங்க முதலிடம்!

சீசன் டிசம்பர் போயாவில இருந்து வெசாக் வரைக்கும். 2024ல வெசாக் மே 23, 2025ல மே 12. அதனால மே மாசம் ஒரு வருஷம் 23 நாள், ஒரு வருஷம் 12 நாள். ஜூன்ல இருந்து கதவைப் பூட்டிட்டு ஊருக்குப் போயிடுவோம். பூட்டின மாசத்தையும் கணக்குல போடணுமா?

ஃப்ரண்ட் ஒபிஸ் ராஜன்

செல்வா, 130 பிழை இல்லை, பகலில் கொடுத்ததும் காசுதான். ஆனால் அதே வரியில் எழுதினால் உங்கள் ஏ.டி.ஆர். தாழ்ந்து போகும், ஏனென்றால் பகல் வாடகை பாதியாக இருக்கும். பகல் வாடகைக்குத் தனி நிரல் போடுங்கள். ரெவ்பாரில் மட்டும் இரண்டு காசும் சேரட்டும்.

பூட்டிய மாதம் பற்றி இரண்டு வழி. ஒவ்வொரு வருஷமும் சீசன் முடிந்ததும் மாதக்கணக்கில் மூடுகிற இடமென்றால் அந்த நாட்களை விற்க இருந்த இரவில் சேர்க்காமல் விடலாம். பெயின்ட் அடிக்கவும் குழாய் மாற்றவும் இரண்டு வாரம் மூடினால், அல்லது ஒரு ரூமின் கூரை ஒழுகினால், அதைக் கழிக்கக் கூடாது. கழித்தால் ஒக்கியுபன்சி அழகாக ஏறும், வருமானம் ஒரு சதமும் ஏறாது.

எல்ல சுமதி

ஆனா கடன் கட்டுறது பன்னிரண்டு மாசமும்தானே? செல்வா பூட்டின மாசத்துலயும் வட்டி ஓடும். நான் 365 நாளையும் போடச் சொல்லுவேன்.

ஃப்ரண்ட் ஒபிஸ் ராஜன்

வங்கிக்குக் காட்ட நீங்கள் சொல்வது நல்லது. பக்கத்து இடத்தோடு ஒப்பிட நான் சொன்னது. நல்லதண்ணியில் வேறு யாராவது எழுதினால் அவர் எதைச் செய்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கிரகரிக் கரை

ராஜன் ஐயா சொன்னபடி புதுத் தாள் எழுதினேன். ஏப்ரலின் ரெவ்பார் 12,000, ஒக்டோபருடையது 1,000. ஏப்ரலும் டிசம்பரும் சேர்ந்து வருஷ வரவில் 43 வீதம். புது இரண்டு ரூமை இதை வைத்துத்தான் யோசிக்க வேண்டும்: வருஷத்தில் எத்தனை இரவு ஆறும் நிறைந்து ஆட்களைத் திருப்பி அனுப்பினோம் என்று பார்க்கிறேன். ஏப்ரலைப் பிரித்தால் புத்தாண்டை ஒட்டிய பதினொரு இரவில் ஆறும் நிறைந்து 66 இரவு, 22,000 வீதம். மிச்சம் 69 இரவு சராசரி பத்தாயிரத்துச் சொச்சம்தான். எட்டு ரூமாக இருந்தாலும் அந்தப் பதினொரு இரவும், டிசம்பர் கடைசியும், போயாவோடு ஒட்டிய சில வார இறுதிகளும்தான் கூடுதலாக நிறையும். மற்ற நாட்களில் இருக்கிற ஆறே காலி.

கண்டி பாஸ்கர்

அப்போ கட்டாதீங்க அண்ணே, புத்தாண்டுக்கு விலையை 25,000 ஆக்குங்க.

கிரகரிக் கரை

போன ஏப்ரலில் அப்படிக் கேட்டதற்கு இரண்டு குடும்பம் ஹக்கலைப் பக்கம் போய்விட்டது தம்பி. ஆனால் மூன்று இரவுக்குக் குறைந்தால் தருவதில்லை என்று வைத்தபோது யாரும் போகவில்லை. இன்னொன்று ஐயா, வருகிற ஏப்ரலில் அந்த வாரத்தில் மச்சான் குடும்பத்துக்கு ஒரு ரூமைச் சும்மா கொடுக்க வேண்டும், அதை விற்றதாக எழுதவா, காலியாக எழுதவா?

ஃப்ரண்ட் ஒபிஸ் ராஜன்

விற்றதில் எழுதாதீர்கள், ஏ.டி.ஆர். கெடும். காலி என்றும் எழுதாதீர்கள், இலவசம் என்று தனியாக எழுதுங்கள். அந்த இரவு விற்க இருந்ததில் அப்படியே இருக்கட்டும். மச்சானுக்குக் கொடுத்தது 22,000 ரூபாய் ரூம் என்று ரெவ்பார் காட்டும்.

எல்ல சுமதி

அந்தத் தாளை வீட்டுக்காரிகிட்ட காட்டாதீங்க அண்ணே.