புதுப்பிப்பு: லாகினா, பல்லா?

அரபில் ‘ஆனால்’, ‘மாறாக’ என்ற பொருளில் வரும் இணைப்புச் சொற்கள் லாகின், பல். நான் கேட்டிருந்தது: “‘ஸைத் வரவில்லை, அம்ர்தான் வந்தான்’ என்பதற்கு லாகினா, பல்லா?”

இரண்டும் பொருந்தும்: ‘மா ஜாஅ ஸைதுன் லாகின் அம்ருன்’, ‘பல் அம்ருன்’. அரபு கற்பிக்கும் நண்பர் ஒருவர் ‘இல்லை’ எனப் பொருள்தரும் ‘மா’வை நீக்கிப் பார்க்கச் சொன்னார். அங்கேதான் இரண்டும் பிரிகின்றன. ‘ஜாஅ ஸைதுன் பல் அம்ருன்’ நிற்கிறது. ஸைதை விட்டுவிட்டு, வந்தவன் அம்ர் என்று திருத்துகிறோம். லாகினுக்கோ தனிப்பெயர் போதாது; ‘லாகின் அம்ருன் மா ஜாஅ’, அதாவது ‘ஆனால் அம்ர் வரவில்லை’ என முழு வாக்கியம் வேண்டும்.

லாகினின் இன்னொரு வடிவமான ‘லாகின்ன’வும் அதேதான் என்றவர் சொன்னது பாதி சரி, அது வந்தால் ‘அம்ருன்’ ‘அம்ரன்’ ஆகிவிடும்.

தன் கடிதத்தில், ‘பொறுத்தவரை’ எனப் பொருள்தரும் அரபுச் சொல்லான ‘அம்மா’வை எழுதிய சகோதரிக்கு: ‘அம்மா அம்ருன் ஃபமா ஜாஅ’, அதாவது ‘அம்ரைப் பொறுத்தவரை, அவன் வரவில்லை’. அந்த ‘ஃப’வை விடாதீர்கள்.

‘உம்’ எனப் பொருள்தரும் ‘வ’ முன்னே சேர்ந்து ‘வலாகின்’ என வரும்போது இணைப்பது ‘வ’வா, லாகினா? விவாதம் தொடர்கிறது.