0.3124, 0.3118, 0.3109: முதல் படம் வென்றதா, மூன்றும் சமமா?

தூரிகை:
ஒரு கேப்ஷனுக்குப் பொருத்தமான படத்தை, படமும் வாக்கியமும் எவ்வளவு பொருந்துகின்றன என்று எண்ணாகச் சொல்லும் கிளிப் மாடல் வைத்துத் தேர்ந்தெடுக்கிறேன். கேப்ஷன்: மழையில் சிவப்புக் குடையோடு ஓடும் சிறுமி (மாடலுக்கு ஆங்கிலத்தில்தான் கொடுக்கிறேன்). ஐந்து படங்களின் கொசைன் ஸ்கோர், கூடினால் பொருத்தம் கூடுதல்: அ 0.3124, ஆ 0.3118, இ 0.3109, ஈ 0.2890, உ 0.2710. முதல் மூன்றில் ஒன்றைத்தான் "சிறந்தது" என்று காட்டுகிறோம். "ஏன் இது, ஏன் அது இல்லை?" என்று கேட்பவர்களுக்கு இந்த இடைவெளியை எப்படி விளக்குவது? சமம் என்று எப்போது சொல்லலாம்?

நேர்கோடு:
கொசைன் எண்ணை அப்படியே காட்டாதீர்கள், யாருக்கும் புரியாது. நூறால் பெருக்கி சாஃப்ட்மேக்ஸ் போட்டு, மொத்தம் நூறு வரும்படி பங்கிட்ட சதவீதமாகக் காட்டுங்கள். கிளிப் பயிற்சியே அந்த அளவில்தான் நடந்தது. உங்கள் எண்களுக்குப் போட்டுப் பார்த்தேன்: 34, 32, 30, 3, 1. முதல் மூன்றும் நெருக்கம், மற்ற இரண்டும் வெகுதூரம் என்று பார்த்ததும் தெரிகிறது. அதோடு ஒரு விதி: 0.01-க்குள் இருந்தால் சமம். வேலை முடிந்தது.

பழைய லென்ஸ்:
நான் புகைப்படப் போட்டிகளில் நடுவராக இருந்திருக்கிறேன், இதே பிரச்சினைதான். ஒரு நடுவர் எல்லாவற்றுக்கும் 8, 9 போடுவார், இன்னொருவர் 5-ஐத் தாண்டமாட்டார். சராசரியில் கால் மதிப்பெண் வித்தியாசம் வந்தால் அது படத்தைப் பற்றிச் சொல்கிறதா, நடுவரைப் பற்றிச் சொல்கிறதா என்று தெரியாது. உங்கள் நடுவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் தனித்தனியாக என்ன போட்டார்கள் என்று பார்த்தீர்களா?

தூரிகை:
சார், இங்கே நடுவர்கள் இல்லை. ஒரே மாடல், ஒரே எண்.

கதிர்வீச்சு:
கேள்வி வேறாக இருந்தாலும் லென்ஸ் சார் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நேர்கோடு சொன்னது.

நூறு என்ற அளவு சரிதான், கணக்கும் சரி. ஆனால் அந்த 34 அ படத்தின் தரத்தைச் சொல்வதில்லை. பட்டியலில் கூட யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். அ படத்தின் நகல் ஒன்றையே ஆறாவதாகச் சேர்த்துப் பாருங்கள். அ-வின் 34 அப்படியே 25-ஆகவோ 26-ஆகவோ இறங்கும். படம் மாறவில்லை, கேப்ஷன் மாறவில்லை, ஸ்கோர் மாறவில்லை. ஒரே காட்சியைத் தொடர்ந்து எடுத்த படங்கள் பட்டியலில் இருந்தால் இது தினமும் நடக்கும். "34 சதவீதம்தான் பொருந்துகிறதா?" என்று பார்ப்பவர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

0.01 என்ற கோட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. அ-வும் ஆ-வும் சமம், ஆ-வும் இ-யும் சமம் என்று கோர்த்துக்கொண்டே போனால், சங்கிலியின் இரண்டு முனையிலும் இருக்கும் படங்கள் சமமே இல்லாமல் போகலாம். எனவே பக்கத்துப் படத்தோடு ஒப்பிடக் கூடாது, எப்போதும் முதலிடத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

தூரிகை, இப்போது லென்ஸ் சார் சொன்ன நடுவர்கள். ஒரே கேப்ஷனை எட்டு விதமாக மாற்றி எழுதுங்கள், பொருள் மாறக் கூடாது. ஒவ்வொரு வரியும் ஒரு நடுவர். மூன்று படத்துக்கும் எட்டு வரியிலும் ஸ்கோர் எடுத்து, வரிக்கு வரி கழித்துப் பாருங்கள்.

```python
d = sim[:, a] - sim[:, b]   # ஒவ்வொரு வரிக்கும் அ கழித்தல் ஆ
print(d.mean(), (d > 0).sum())
```

நேர்கோடு:
வரியை மாற்றினால் ஸ்கோர் 0.02, 0.03 என்று ஆடும். அந்த ஆட்டத்துக்கு நடுவில் 0.0006 என்ன தெரியப்போகிறது? அதனால்தான் 0.01 என்றேன்.

கதிர்வீச்சு:
ஆடும், ஆனால் எல்லாப் படமும் சேர்ந்து ஆடும். ஒரு வரி மாடலுக்குப் பழகிய நடையில் இருந்தால் ஐந்து படத்துக்கும் ஸ்கோர் ஏறும், வேறொரு வரியில் ஐந்துக்கும் இறங்கும். கழிக்கும்போது அந்தப் பொது ஆட்டம் பெரும்பாலும் விழுந்துவிடும், மிஞ்சுவதுதான் படங்களுக்கு இடையேயான வித்தியாசம். தனித்தனி ஸ்கோரின் ஆட்டத்தை வைத்து இடைவெளியை எடைபோட்டால், உண்மையான வித்தியாசத்தையும் சமம் என்று தள்ளிவிடுவோம்.

தூரிகை:
செய்துவிட்டேன். அ-வின் ஸ்கோர் மட்டும் 0.291-லிருந்து 0.328 வரை ஆடியது. ஆனால் வித்தியாசங்கள் இப்படி:

அ − ஆ: +0.0006, −0.0011, +0.0019, −0.0004, +0.0008, −0.0015, +0.0012, −0.0002

அ − இ: +0.0015, +0.0022, +0.0009, +0.0018, +0.0031, +0.0004, +0.0020, +0.0013

அ-வும் ஆ-வும் நாலுக்கு நாலு. ஆனால் இ எட்டு வரியிலும் அ-வுக்குப் பின்னால்! இடைவெளி சராசரியாக 0.0017 கூட இல்லை.

கதிர்வீச்சு:
அருமையாக வந்திருக்கிறது. அ, ஆ இரண்டும் சமம், அதைச் சமம் என்றே சொல்லுங்கள். இ சிறிய இடைவெளியில், ஆனால் விடாமல் பின்தங்குகிறது. நாணயம் சுண்டி எட்டும் ஒரே பக்கம் விழ 128-ல் ஒரு வாய்ப்புதான். உங்கள் எட்டு வரிகள் ஒன்றுக்கொன்று உறவுள்ளவை என்பதால் அந்தக் கணக்கை அப்படியே எடுக்க முடியாது, ஆனாலும் தற்செயல் என்று ஒதுக்க மாட்டேன். 0.01 கோடு வைத்திருந்தால் மூன்றையும் ஒரே கூடையில் போட்டிருப்போம்.

நேர்கோடு:
ஆ-வையும் இ-யையும் நேராகக் கழித்தேன். எட்டில் ஏழு ஆ-வுக்கு, ஒன்று இ-க்கு. அப்படியானால் இ ஆ-வுக்குச் சமமா, இல்லையா? ஆ அ-வுக்குச் சமம், இ அ-வுக்குக் கீழே, ஆ-வும் இ-யும் "கிட்டத்தட்ட". நீங்கள் குறை சொன்ன சங்கிலி உங்கள் முறையிலும் வருகிறதே.

கதிர்வீச்சு:
வருகிறது, மறுக்கவில்லை. எட்டு வரி இதற்குப் போதாது. கிளிப்பை வெளியிட்டவர்களே 2021-இல் படங்களை வகைப்படுத்தும் இமேஜ்நெட் சோதனைக்கு 80 வாக்கிய வடிவங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தார்கள், ஒற்றை வாக்கியத்தைவிட துல்லியம் 3.5 சதவீதப் புள்ளி கூடுதலாகக் கிடைத்தது. இங்கே அவ்வளவு வேண்டாம், இருபது முப்பது வரி எழுதினால் ஆ–இ விஷயம் தெளியலாம்.

ஆனால் அதற்கு முன்னால் இ ஏன் விடாமல் பின்தங்குகிறது என்று பாருங்கள். காரணம் தெரியாமல் இடைவெளியை விளக்க முடியாது. தூரிகை, மூன்று படத்தின் வடிவம் என்ன?

தூரிகை:
அ, ஆ இரண்டும் சதுரம். இ அகலப் படம், 3:2. சிறுமி இடது ஓரத்தில் ஓடுகிறாள், குடை இன்னும் ஓரமாக.

கதிர்வீச்சு:
அங்கேதான் இருக்கிறது. வழக்கமான முன்தயாரிப்பு குட்டைப் பக்கத்தை 224 பிக்சலுக்குச் சுருக்கி, நடுவில் 224×224 சதுரத்தை வெட்டி எடுக்கும். 3:2 படத்தில் இடதில் ஆறில் ஒரு பங்கும் வலதில் ஆறில் ஒரு பங்கும் போய்விடும். உங்கள் குடையில் பாதி மாடலின் கண்ணிலேயே படவில்லை. வெட்டாமல், மேலும் கீழும் பட்டை சேர்த்துச் சதுரமாக்கி அதே முதல் வரிக்கு ஸ்கோர் எடுங்கள்.

தூரிகை:
எடுத்தேன். இ 0.3109-லிருந்து 0.3151-க்கு ஏறிவிட்டது. அ சதுரம் என்பதால் அப்படியே 0.3124. இப்போது இ முதலிடம்!

நேர்கோடு:
இதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இ-க்கு மட்டும் பட்டை போட்டீர்கள், மற்ற இரண்டுக்கும் போடவில்லை. பட்டையே ஸ்கோரை மாற்றும். கறுப்புப் பட்டையால் படம் இருட்டிய மாதிரி ஆகி மழைக்குப் பொருத்தமாகத் தெரிந்திருக்கலாம். இது நியாயமான ஒப்பீடா?

கதிர்வீச்சு:
நல்ல கேள்வி. சாம்பல் பட்டை, வெள்ளைப் பட்டை என்று மாற்றிப் பார்க்கலாம். அதைவிட நல்லது, பட்டையே இல்லாமல் இ-யை இடது, நடு, வலது என்று மூன்று சதுரமாக வெட்டி மூன்றுக்கும் ஸ்கோர் எடுப்பது. இடது வெட்டு மட்டும் உயர்ந்தால் குடைதான் காரணம். ஆனால் மூன்றில் உயர்ந்ததை எடுத்தால் இ-க்கு மூன்று வாய்ப்பும் அ-வுக்கு ஒரு வாய்ப்பும் கொடுத்த மாதிரி ஆகும், அதுவும் முழு நியாயம் இல்லை. வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வெட்டிப் பார்க்கலாம், இடம் கொடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது என் கருத்து. எட்டு வரியும் ஒரே பக்கம் சாய்ந்தது உண்மை, ஆனால் எட்டு வரியும் பார்த்தது அதே வெட்டுப்பட்ட படத்தைத்தான். வரியை எத்தனை முறை மாற்றினாலும் இந்தப் பிழை வெளியே தெரியாது.

வாசல்படி:
நான் திரை வடிவமைப்பவள். இதையெல்லாம் பார்ப்பவரிடம் சொல்லப் போகிறீர்களா? அவருக்கு வேண்டியது ஒரு படம். எண்ணே வேண்டாம், ஒன்றைக் காட்டிவிட்டுப் போங்கள்.

பழைய லென்ஸ்:
அப்படிக் காட்டியதால்தான் போட்டிகளில் சண்டையே வரும். சமம் வந்தால் எந்த விதியால் பிரிப்போம் என்பதை முடிவு தெரிவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். முடிவு தெரிந்த பிறகு விதி தேடினால், பிடித்த படத்துக்கு ஏற்ற விதிதான் கிடைக்கும்.

கதிர்வீச்சு:
இதை அடிக்கோடிட வேண்டும் சார். நாம் விதி எழுதாவிட்டாலும் மென்பொருள் தானாக ஒன்றை வைத்துக்கொள்ளும். மிகப் பெரிய எண்ணின் இடத்தைத் தரும் `np.argmax`, சம மதிப்பு வந்தால் பட்டியலில் முதலில் இருப்பதைத்தான் தரும். அதாவது முதலில் ஏற்றிய படம் எப்போதும் வெல்லும், யாரும் அப்படி முடிவு செய்யாமலே.

இவ்வளவு நீளமான எண்கள் எங்கே சமமாகப் போகின்றன என்று நினைக்க வேண்டாம். ஸ்கோரை bfloat16 என்ற துல்லியம் குறைந்த எண் வகையில் வைத்தால் 0.3 பக்கத்தில் ஒரு படி கிட்டத்தட்ட 0.002. தூரிகையின் அ-வும் ஆ-வும் இரண்டுமே 0.3125 ஆகிவிடும், இ மட்டும் 0.3105-இல் நிற்கும். float16-இல் படி சுமார் 0.00024, அங்கே மூன்றும் பிரிந்து தெரியும். ஒரே படங்கள், ஒரே மாடல், எண் வகையை மாற்றியதும் "சமம்" வருகிறது. ஒப்பிடும் இடத்தில் மட்டுமாவது துல்லியம் கூடிய float32 வைத்துக்கொள்ளுங்கள்.

வாசல்படிக்கு: எண் வேண்டாம் என்பதில் உங்கள் பக்கம்தான். ஆனால் இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டி ஒரு வரி எழுதலாம்: "இந்த இரண்டும் சமமாகப் பொருந்துகின்றன; பெரிய அளவுள்ள படத்தை முதலில் வைத்திருக்கிறோம்." பிரித்த விதி அதிலேயே இருக்கிறது.

வாசல்படி:
இடம் ஒன்றுதான் இருக்கிறது, இரண்டு படம் வைக்க முடியாது. அந்த வரியை "ஏன் இந்தப் படம்?" என்று தொட்டால் திறக்கும்படி வைக்கலாம், அதுவரை சரி. ஆனால் இ-யைப் பற்றி என்ன எழுதுவீர்கள்? "வெட்டியதால் தோற்றது" என்றா?

நேர்கோடு:
இ-யைப் பட்டியலில் மூன்றாவதாகவே வைத்துவிட்டு, "ஓரம் வெட்டப்பட்ட நிலையில் மதிப்பிடப்பட்டது" என்று குறிப்பு போடலாம். பட்டையோடு எடுத்த 0.3151-ஐ நான் இன்னும் நம்பவில்லை.

தூரிகை:
மூன்றுக்கும் ஒரே அளவுப் பட்டையைச் சாம்பல் நிறத்தில் சேர்த்து, இருபத்துநான்கு வரிகளோடு இன்றிரவு ஓட்டுகிறேன். சமமானால் பெரிய அளவுள்ள படம் முன்னால் என்ற விதியை இப்போதே இங்கே எழுதி வைக்கிறேன், ஓட்டிய பிறகு மாற்ற மாட்டேன். ஆ–இ வித்தியாசங்களையும் முழுதாகப் போடுகிறேன்.